திரையில் தெரியும் டாலர் யாருடையது?

திருப்பூரில் டாலர் விலை தெரியாதவர்கள் குறைவு. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் யாருக்கு லாபம், இறங்கினால் யார் கையைக் கடிக்கும் என்பதெல்லாம் டீக்கடை வரைக்கும் பேசப்படுகிற பின்னலாடை ஊர் அது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் அந்த ஊரில் இருந்துதான் பாசி ஃபாரெக்ஸ் டிரேடிங் என்ற நிறுவனமும் அதைச் சேர்ந்த வேறு சில நிறுவனங்களும், வெளிநாட்டு நாணய வர்த்தகத்தில் போட்டுப் பெரிய லாபம் தருகிறோம் என்று சொல்லி மக்களிடம் பணம் வசூலித்தன. வசூலான தொகை ஏறத்தாழ 930 கோடி ரூபாய். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. கோவையில் உள்ள முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்ட சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்ட்டில் தீர்ப்புச் சொன்னது. இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை. அபராதம் மட்டும் 171 கோடி ரூபாய்க்கு மேல். பணம் கட்டியவர்கள் தீர்ப்பைக் கேட்கவே பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

டாலர் அன்றாடம் புழங்கும் ஊரில் இது நடந்தது எப்படி என்று பலர் வியப்பதுண்டு. எனக்கென்னவோ அங்கே நடந்ததில் வியப்பில்லை. டாலரில் காசு பார்த்த முதலாளிகளைக் கண்ணால் பார்க்கும் ஊரில் ‘டாலரில் லாபம்’ என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அந்த லாபம் எந்தக் கட்டடத்தில், எந்த மேசையில் உண்டாகிறது என்று போய்ப் பார்க்க வழியில்லை. ஈமு கோழித் திட்டத்திலாவது கோழி என்று ஒன்று கண்முன்னே நின்றது. ஃபாரெக்ஸில் நமக்குக் காட்டப்படுவது ஒரு திரையும் அதில் ஓடும் எண்களும்தான்.

அப்போது அலுவலகம், கருத்தரங்கு, ஏஜென்ட் என்று நடந்தது இப்போது வாட்ஸ்அப் குழுவும் டெலிகிராம் சேனலும் கைபேசிச் செயலியுமாக மாறியிருக்கிறது. வாக்குறுதி மட்டும் மாறவே இல்லை. “அண்ணே, மாசம் பத்து பர்சன்ட், கியாரண்டி. நானே ஆறு மாசமா வாங்கிட்டிருக்கேன்” என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே பணம் வந்துகொண்டிருக்கும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒன்பது மாதம் ஓடும் கணக்கு

நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியிடம் ஒரு கோடி சேர்ந்துவிட்டது. ஆள் சேர்த்த ஏஜென்ட்டுகளுக்கு ஐந்து சதவீதம் கமிஷன் கொடுத்தால் 95 லட்சம் மிச்சம். மாதம் பத்து சதவீதம் என்றால் மாதாமாதம் 10 லட்சம் பட்டுவாடா செய்ய வேண்டும். ஒரு டாலர்கூட வாங்காமல், ஒரு டாலர்கூட விற்காமல், வசூலான பணத்தில் இருந்தே எடுத்துக் கொடுத்தாலும் ஒன்பது மாதம் தட்டாமல் கொடுக்கலாம். ஒன்பதாவது மாத முடிவில் பெட்டியில் 5 லட்சம் இருக்கும். திருப்பித் தர வேண்டிய அசலோ அப்படியே ஒரு கோடி.

இந்த ஒன்பது மாதமும் அந்த நூறு பேரும் சும்மா இருப்பார்களா? சொன்ன தேதிக்குப் பணம் வரும்போது மச்சானிடம் சொல்வார்கள், கூட வேலை பார்ப்பவரிடம் சொல்வார்கள், வந்த பத்தாயிரத்தை மறுபடி அதிலேயே போடுவார்கள். புதிதாக இன்னொரு நூறு பேர் சேர்ந்துவிட்டால் ஆட்டம் இன்னும் சில மாதம் நீளும். ஆகவே ‘தெரிந்தவர் ஆறு மாதமாக வாங்குகிறார்’ என்பது திட்டம் நல்லது என்பதற்குச் சான்றாகாது. அவர் வாங்கியது தன் அசலையே துண்டு துண்டாகத் திருப்பி வாங்கியதாக இருக்கலாம். அல்லது போன வாரம் சேர்ந்தவரின் பணமாக இருக்கலாம்.

இதே பத்து சதவீதத்தை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். வரும் லாபத்தை எடுக்காமல் அதிலேயே போட்டுக்கொண்டே போனால் ஒரு லட்சம் ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கு மேல் ஆகும். மூன்று ஆண்டில் சுமார் 31 லட்சம். ஐந்து ஆண்டில் 3 கோடியைத் தாண்டும். இந்த வித்தை கைவந்த ஒருவர் தன் வீட்டை அடமானம் வைத்துச் சில லட்சம் புரட்டினாலே போதும், ஐந்து ஆண்டில் கோடீஸ்வரர். அவர் எதற்காக நம் ஊர் கல்யாண மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்து நம்மைக் கெஞ்ச வேண்டும்?

நாணயச் சந்தை உண்மையில் எவ்வளவு அசைகிறது என்று தெரிந்தவருக்கு இந்த வாக்குறுதி இன்னும் விசித்திரமாகத் தெரியும். 2023ஆம் ஆண்டு முழுவதும் டாலரின் மதிப்பு ஏறக்குறைய 81 ரூபாய்க்கும் 83 ரூபாய் சொச்சத்துக்கும் இடையிலேயே இருந்தது. அதாவது அந்த ஆண்டின் அடிமட்டத்தில் வாங்கி உச்சத்தில் விற்ற மகா ஞானிக்கே மூன்று சதவீதம் அளவுக்குத்தான் கிடைத்திருக்கும். இதில் மாதம் பத்து சதவீதம் எடுக்க வேண்டுமானால் கடன் பலத்தில், அதாவது லீவரேஜில் இறங்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் சில, போட்ட பணத்தைப் போல 500 மடங்குக்கு வர்த்தகம் செய்யலாம் என்று விளம்பரம் செய்கின்றன. ஐந்நூறு மடங்கு என்றால் விலை நமக்கு எதிராக 0.2 சதவீதம் நகர்ந்தாலே போட்ட பணம் முழுவதும் காலி. டாலர் 83 ரூபாய் என்றால் அது வெறும் 17 பைசா. காலையில் நாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் நடந்துவிடக்கூடிய அசைவு. அப்படிப்பட்ட ஒரு தொழிலில் ‘உத்தரவாத லாபம்’ என்று எவர் சொன்னாலும், ஒன்று அவர் அந்தத் தொழிலையே செய்யவில்லை, இல்லையென்றால் அதில் நடக்கப்போவதை நம்மிடம் மறைக்கிறார்.

முறையாக உரிமம் பெற்றவர்கள் பேசுவது இதற்கு நேர்மாறாக இருக்கும். இந்தியாவில் பங்குச் சந்தை புரோக்கரின் செயலியைத் திறந்து வாய்தா வர்த்தகத்துக்குள் போனால், தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்பட்டார்கள் என்ற எச்சரிக்கை கண்ணில் படும். அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது செபியின் உத்தரவு. ஐரோப்பாவில் இந்த வகை வர்த்தகம் நடத்தும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரில் எத்தனை சதவீதம் பேர் பணம் இழக்கிறார்கள் என்பதை விளம்பரத்திலேயே போட வேண்டும். 2018இல் அங்குள்ள கண்காணிப்பு அமைப்பு அந்த விகிதம் 74 முதல் 89 வரை என்று கண்டிருந்தது. லாபத்துக்கு உத்தரவாதம் தருவது செபியிடம் பதிவுபெற்ற எவருக்கும் தடை செய்யப்பட்ட செயல். ஆகவே ‘கியாரண்டி’ என்ற சொல் வந்த அந்த இடத்திலேயே எதிரில் இருப்பவர் உரிமம் இல்லாதவர், அல்லது உரிமத்தை மீறுபவர் என்பது தெரிந்துவிடுகிறது.

செயலிக்குள் நடப்பது

இப்போதைய மோசடி எப்படி நகரும் என்பதை ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்க்கலாம். ஈரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்று கொள்வோம். அவரை யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறார்கள். குழுவில் இருநூறு பேர். தினமும் காலையில் ஒரு ‘சார்’ எதை வாங்குவது, எதை விற்பது என்று சொல்கிறார். மாலையில் லாபப் படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. “சார் சொன்னபடி செஞ்சேன், இன்னிக்கு நாப்பதாயிரம்” என்று ஆளாளுக்கு நன்றி சொல்கிறார்கள். அந்த இருநூறில் மோசடிக்காரர்கள் எத்தனை பேர், இவரைப் போல உள்ளே இழுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று இவருக்குத் தெரிய வழியில்லை.

இரண்டு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு 10,000 ரூபாய் போடுகிறார். செயலியில் டாலர் கணக்காகத் தெரிகிறது. மூன்று நாளில் அது 12,500 ஆகிறது. சோதித்துப் பார்க்க 2,000 ரூபாய் எடுக்கிறார். பத்து நிமிடத்தில் வங்கிக்கு வந்துவிடுகிறது. இந்த 2,000 ரூபாய்தான் தூண்டில் புழு. ‘சின்னத் தொகையை எடுத்துப் பார், வந்தால் நம்பு’ என்று நல்லெண்ணத்தில் அறிவுரை சொல்பவர்கள் உண்டு. மோசடிக்காரர் எதிர்பார்த்திருப்பதும் இந்தச் சோதனையைத்தான். சிறு தொகை திரும்பி வந்ததால் எதுவும் நிரூபணமாவதில்லை.

அதன்பிறகு அவர் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று மொத்தம் 5 லட்சம் போடுகிறார். ஒவ்வொரு முறையும் பணம் போகும் கணக்கு வேறு. ஒரு தடவை ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் நடப்புக் கணக்கு, அடுத்த தடவை வேறு மாநிலத்தில் யாரோ ஒரு தனிநபரின் யு.பி.ஐ. கேட்டால் “கம்பெனி கணக்குல லிமிட் முடிஞ்சிருச்சு சார்” என்கிறார்கள். இவை கமிஷனுக்கு வாடகைக்கு எடுக்கப்பட்ட கணக்குகள். பணம் விழுந்த சிறிது நேரத்திலேயே அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும்.

செயலியில் இப்போது 14 லட்சம் தெரிகிறது. அந்த எண்ணை யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள், அவ்வளவே. சிலர் செயலியில் ஓடும் தங்க விலையையும் யூரோ விலையையும் வேறு இணையதளத்தோடு ஒப்பிட்டு, ‘விலை சரியாகத்தான் இருக்கிறது, அப்படியானால் உண்மைதான்’ என்று முடிவுக்கு வருகிறார்கள். விலையை உண்மையான சந்தையில் இருந்து இழுத்துக் காட்டுவது எளிது. பொய்யாக இருப்பது நம் பெயருக்கு நேரே உள்ள இருப்பு. மெட்டாடிரேடர் போன்ற பெயர்பெற்ற மென்பொருளில் ஓடுகிறது என்பதும் எதையும் உறுதிசெய்யாது. மென்பொருள் அசலாகவே இருக்கலாம், அதன் மறுமுனையில் இருக்கும் ஆள் யார் என்பதே கேள்வி.

மூன்று லட்சம் வேண்டும் என்று எடுக்கப் போகும்போது கதை திரும்புகிறது. லாபத்துக்கு முப்பது சதவீத வரியை முதலில் கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்கிறார்கள். வரி கட்டினால் அடுத்து ‘பணப் பரிமாற்றச் சரிபார்ப்புக் கட்டணம்’, அதற்கும் அடுத்து ‘கணக்கு முடக்க நீக்கக் கட்டணம்’. இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: “வரியை என் இருப்பில் இருந்தே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்களேன்?” இதற்கு நேரான பதில் வராது. நம் நாட்டில் பிடித்தம் என்பது தர வேண்டிய தொகையில் இருந்தே பிடிக்கப்படும். மற்றபடி லாபத்துக்கான வரியை நாமே வருமான வரிக் கணக்கில் காட்டி அரசுக்குக் கட்டுவோம். நம் பணத்தை நமக்கே கொடுக்க, புரோக்கர் வெளியில் இருந்து வரி கொண்டுவரச் சொல்வது எந்தச் சட்டத்திலும் இல்லை.

புரோக்கரைப் பார்ப்பதற்கு முன்

புரோக்கர் அசலா போலியா என்று தேடத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை அறிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் நினைத்தபடி வெளிநாட்டு நாணயத்தில் வர்த்தகம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அனுமதி பெற்றவர்களோடு, அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே அந்நியச் செலாவணியை வாங்கவோ விற்கவோ முடியும். மகன் படிப்புக்குக் கட்டணம் அனுப்புவது, சுற்றுலாவுக்கு டாலர் வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். இணையத்தில் செய்வதானால் ரிசர்வ் வங்கி அனுமதித்த மின்னணுத் தளங்களிலோ, தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலோதான் செய்யலாம்.

ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு திட்டம் இருக்கிறதே, அதில் அனுப்பலாமே என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். திட்டம் உண்மை. ஆனால் வெளிநாட்டுத் தளத்தில் மார்ஜின் கட்டுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தத் தளம் லண்டனில் முறையான உரிமம் வைத்திருந்தாலும் இந்தியாவில் இருந்து பணம் கட்டுபவருக்கு இந்த நிலைமை மாறாது.

சரி, நம் சந்தையிலேயே செய்யலாமா? டாலர்-ரூபாய், யூரோ-ரூபாய் போன்ற ஒப்பந்தங்கள் சந்தையில் உண்டு. டாலர் ஒப்பந்தத்தின் அளவு ஒரு லாட்டுக்கு 1,000 டாலர். ஆனால் 2024 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் இறங்குபவருக்கு உண்மையான அந்நியச் செலாவணித் தேவை ஒன்று இருக்க வேண்டும். ஏற்றுமதி பில் வர வேண்டியிருக்கிறது, இறக்குமதிக்குக் கட்ட வேண்டியிருக்கிறது என்பது போல. ஒரு குறிப்பிட்ட அளவு வரை ஆவணம் காட்டத் தேவையில்லை, ஆனாலும் தேவை என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு இது பொருந்தும். மாதச் சம்பளக்காரரிடம் ‘ரூபாய்-டாலரில் போட்டு மாதாமாதம் தருகிறோம்’ என்று வருபவர், சட்டம் திறந்துவைக்காத கதவு வழியாக அழைக்கிறார் என்று பொருள்.

இணையத்தில் தேடினால் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியல் கிடைக்கும். அனுமதி இல்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு முதலில் வந்தது. பிறகு பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. கிரிக்கெட் ஒளிபரப்பில் விளம்பரம் வந்தது, பிரபல நடிகர் பேசினார் என்பதற்காக நம்பிய தளங்களைக்கூட அதில் பார்க்கலாம். ஆனால் இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. ‘பட்டியலில் பெயர் இல்லை, எனவே சரியான கம்பெனி’ என்ற முடிவு தவறு. பட்டியல் முழுமையானதல்ல என்று ரிசர்வ் வங்கியே அதில் எழுதியிருக்கிறது. பெயர் இருந்தால் விலக வேண்டும். இல்லையென்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அவர்கள் காட்டும் சான்றிதழ்

ஏஜென்ட் நீட்டும் காகிதங்களுக்குக் குறைவே இருக்காது. கம்பெனிப் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. எண், உத்யம் பதிவு, ஐ.எஸ்.ஓ. முத்திரை. இவற்றில் எதுவும் பிறர் பணத்தை வாங்கி முதலீடு செய்யும் அனுமதி ஆகாது. கம்பெனிப் பதிவு என்பது அந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பாசியும் பதிவு செய்யப்பட்ட பிரைவேட் லிமிடெட் கம்பெனிதான். ‘வெளிநாட்டு லைசென்ஸ்’ என்று செயின்ட் வின்சென்ட் என்ற கரீபியன் தீவு நாட்டின் சான்றிதழைக் காட்டுபவர்கள் உண்டு. ஃபாரெக்ஸ் வர்த்தகத்துக்கு நாங்கள் உரிமமே தருவதில்லை என்று அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அது வெறும் கம்பெனிப் பதிவு.

இதைவிடச் சூழ்ச்சியானது அசல் உரிமத்தைத் திருடுவது. செபியிடம் பதிவுபெற்ற புரோக்கருக்கு INZ என்று தொடங்கி ஒன்பது இலக்கங்கள் கொண்ட எண் இருக்கும். முதலீட்டு ஆலோசகர் என்றால் INA, ஆய்வாளர் என்றால் INH. மோசடிக்காரர் ஏதோ ஒரு பெரிய புரோக்கரின் எண்ணை எடுத்துத் தன் செயலியில் போட்டுக்கொள்வார். நாம் அந்த எண்ணை செபியின் தளத்தில் தேடினால் உண்மையான பெயரே வரும். அங்கே நின்றுவிட்டால் ஏமாந்தோம். எண் சரியா என்பதோடு, நம்மிடம் பேசுபவருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

அதனால் தேடலை நம் பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும். அவர் அனுப்பிய இணைப்பைத் தொடாமல், sebi.gov.in என்று நாமே தட்டச்சு செய்து, பதிவுபெற்ற இடைத்தரகர்கள் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே புரோக்கர்களின் பட்டியல் பிரிவு பிரிவாக இருக்கும். நாணய வர்த்தகப் பிரிவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. பங்கு வர்த்தகத்துக்கு மட்டும் பதிவு செய்தவர் நாணய வர்த்தகம் செய்து தருகிறேன் என்றால் அதுவே ஒரு சந்தேகம். பட்டியலில் பெயருக்கு நேரே முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் இருக்கும். அந்த எண்ணை அழைத்து, “இன்னார் உங்கள் ஆளா, இந்தச் செயலி உங்களுடையதா?” என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. போலி செயலியில் பணத்தைத் தொலைத்தவர்களில் பலர் தவறவிட்ட ஐந்து நிமிடம் அது.

அடுத்தது பணம் போகும் வழி. 2025 அக்டோபர் முதல் செபி ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. பதிவுபெற்ற புரோக்கர்கள் முதலீட்டாளரிடம் பணம் வாங்கும் யு.பி.ஐ. முகவரியில் `.brk` என்பதும், அதற்குப் பின்னால் `@valid` என்பதோடு வங்கியின் பெயரும் சேர்ந்து வரும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய வெள்ளைக் குறி தெரியும். இந்த முகவரி பதிவு இல்லாதவருக்குக் கிடைக்காது. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புவதானால், ‘செபி செக்’ என்ற வசதியில் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் போட்டு, அது பதிவுபெற்றவரின் கணக்குதானா என்று பார்க்கலாம். ‘கம்பெனி கணக்கில் லிமிட் முடிந்துவிட்டது’ என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

கணக்குத் தொடங்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும் என்பது என் அனுபவம். அசல் புரோக்கர் நம்மைப் படுத்தி எடுப்பார். பான் அட்டை, வங்கிச் சான்று, கேமராவுக்கு முன் முகம் காட்டுதல், பக்கம் பக்கமாகக் கையெழுத்து. நம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருந்து மட்டுமே பணம் வாங்குவார். மனைவி கணக்கில் இருந்து அனுப்பினால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். போலியில் கைபேசி எண் கொடுத்தாலே இரண்டு நிமிடத்தில் கணக்குத் தயார். யார் கணக்கில் இருந்தும் பணம் போடலாம். இந்த வசதியைச் சேவை என்று நினைத்து மகிழ்பவர்கள்தான் அதிகம்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது, புரோக்கரின் கை படாமல் நேராகச் சந்தையில் இருந்து வரும் தகவலை. நம் பெயரில் உண்மையாகவே ஒரு வர்த்தகம் நடந்தால், அன்றே பங்குச் சந்தையிடம் இருந்து நம் கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ செய்தி வரும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் புரோக்கர் ஒப்பந்தக் குறிப்பு அனுப்ப வேண்டும். அதில் உள்ள வர்த்தகத்தைத் தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் நாமே சரிபார்க்கலாம். சில நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும், அதன்பின் அந்த வசதி இருக்காது. பத்து லட்சம் லாபம் காட்டும் செயலியில் இருந்து ஒரு ஒப்பந்தக் குறிப்புகூட வந்ததில்லை என்றால், எந்தச் சந்தையிலும் நம் பெயரில் எதுவும் வாங்கப்படவில்லை.

பணம் போய்விட்டது என்றால்

முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைப்பது. பணம் வாடகைக் கணக்குகளில் தாவிக்கொண்டிருக்கும் முதல் சில மணி நேரத்தில் புகார் போனால், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாள் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிவு செய்ய வேண்டும். செயலி வழியாக இல்லாமல், ஊரில் அலுவலகம் வைத்து டெபாசிட் வாங்கிய கம்பெனி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறையிடம் போக வேண்டும். தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனியின் சொத்துகளை முடக்கி, விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பகிர்ந்து தர வழி இருக்கிறது. அது எவ்வளவு மெதுவாக நகரும் என்பதைப் பாசி வழக்கு காட்டியது.

புகார் கொடுக்கத் தயங்குபவர்களில் ஒரு வகையினர் உண்டு. தான் கட்டியதோடு உறவினர் பத்துப் பேரையும் சேர்த்துவிட்டவர்கள். கமிஷனும் வாங்கியிருப்பார்கள். 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில், தெரிந்தே பொய்யான வாக்குறுதி கொடுத்து ஆள் சேர்ப்பவருக்கும் ஓராண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ‘நானும் பணம் போட்டு ஏமாந்தவன்தானே’ என்பது எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. மோசடி என்று சந்தேகம் வந்தபிறகும் புதிதாக ஆள் சேர்ப்பவர், பாதிக்கப்பட்டவர் வரிசையில் இருந்து வேறு வரிசைக்குப் போய்விடுகிறார்.

பணம் இழந்து சில வாரம் கழித்து இன்னொரு அழைப்பு வரும். ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சர்வதேச வழக்கறிஞர் குழு, கட்டணம் முன்பணமாக ஐம்பதாயிரம்’ என்பார்கள். நாம் எந்தச் செயலியில் எவ்வளவு இழந்தோம் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்து இரண்டாம் முறை அறுவடை செய்யும் கூட்டம் இது. காவல்துறையோ நீதிமன்றமோ முடக்கிய பணத்தை விடுவிக்க யாரிடமும் யு.பி.ஐ.யில் கட்டணம் கேட்பதில்லை.

காவல் நிலையத்துக்குப் போகும்போது செயலியில் தெரியும் 14 லட்சத்தின் படம் பெரிதாக உதவாது. ஒவ்வொரு முறை பணம் அனுப்பியபோதும் வங்கி கொடுத்த பரிவர்த்தனை எண், எந்தக் கணக்குக்குப் போனது, எந்தத் தேதி, எத்தனை மணி என்ற விவரங்கள்தான் உதவும். அவற்றை வங்கிக் கணக்கு அறிக்கையில் இருந்து எடுத்து ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். உரையாடலை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளும் வரை உள்ளேயே இருங்கள்.